கம்பெனி சொன்னதும் உங்களிடம் சொன்னதும்

"மறுபடியும் அதே பிரச்சனை."

ஒரு கிரைண்டர் கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு வாடிக்கையாளர் இந்த மூன்றே சொற்களை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை, சாட்பாட்தான் இருக்கிறது. அதற்குக் கம்பெனி எல்லாவற்றையும் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாடலின் கையேடு, வாரண்டி விதிகள், உதிரிபாக விலை, சர்வீஸ் சென்டர் முகவரிகள் என ஒன்று விடாமல் இருக்கின்றன. ஆனாலும் அது, "சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் மாடல் எண்ணைத் தெரிவிக்கவும்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்த வாடிக்கையாளரோ ஜூன் மாதமே மாடல் எண்ணைச் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பி, பெல்ட்டும் மாற்றிக்கொண்டவர்.

பலரும் இதைப் பார்த்துவிட்டு, சாட்பாட்டுக்கு விவரம் போதவில்லை, இன்னும் நாலு கையேடுகளைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நானூறு கொடுத்தாலும் சரியாகாது. 'அதே' என்றால் எது என்ற விவரம் எந்தக் கையேட்டிலும் இருக்க முடியாது. அது அந்த ஒரு வாடிக்கையாளரோடு நடந்த பழைய உரையாடலில் மட்டும்தான் இருக்கிறது.

சாட்பாட் பதில் சொல்வதற்கு இரண்டு இடங்களிலிருந்து விவரம் எடுக்கிறது. ஒன்று, கம்பெனியின் தகவல் களஞ்சியம். தொழிலில் இருப்பவர்கள் நாலெட்ஜ் பேஸ் என்பார்கள். இன்னொன்று, வாடிக்கையாளரோடு முன்பு நடந்த பேச்சின் பதிவு. ரேஷன் கடை வாசலில் இருக்கும் இருப்புப் பலகை எல்லோருக்கும் ஒன்று. உங்கள் குடும்ப அட்டையில் இந்த மாதம் என்ன வாங்கியாயிற்று என்பது உங்களுக்கு மட்டும். கடைக்காரர் ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குப் பதில் சொல்ல மாட்டார். சாட்பாட் அமைப்பவர்கள் சிலர் இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டி, ஒரே மாதிரி தேட விடுகிறார்கள். தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

களஞ்சியத்தில் தேடுவது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நூறு பக்கக் கையேட்டை அப்படியே சாட்பாட்டிடம் நீட்டுவதில்லை. அதைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு மென்பொருள் நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறது. வரிசையில் 384 எண்கள் இருக்கலாம், 768 இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். பொருளில் நெருங்கிய இரண்டு துண்டுகளின் எண் வரிசைகளும் நெருங்கியே இருக்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். வாடிக்கையாளர் கேள்வி கேட்டதும் அந்தக் கேள்வியையும் அதேபோல் எண் வரிசையாக்கி, அதற்கு மிக நெருங்கிய மூன்று அல்லது ஐந்து துண்டுகளை எடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளையும் கேள்வியையும் சேர்த்து மொழி மாதிரியிடம் கொடுத்து, இதை வைத்துப் பதில் சொல் என்கிறார்கள். தேடி எடுத்துப் பதில் எழுதும் இந்த முறைக்குப் பெயர் வந்தது 2020-ல், ஃபேஸ்புக்கின் ஆய்வுக் குழுவினரும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து. இன்று வாடிக்கையாளர் சேவை சாட்பாட்கள் பலவும் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் செய்கின்றன.

கையேட்டுக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். கையேட்டில் "பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் ஓடும், பாத்திரம் சுற்றாது" என்று இருக்கும். வாடிக்கையாளர் "சத்தம் வருது, கல்லு சுத்தல" என்று எழுதுவார். ஒரு சொல்கூட ஒத்துப்போகவில்லை என்றாலும் பொருள் நெருக்கத்தால் சரியான துண்டு மேலே வந்துவிடும். ஒரு தடை இருக்கிறது. நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் போதிய பயிற்சி பெறாத மென்பொருள் என்றால் நெருக்கத்தைக் கணிப்பதில் தடுமாறும். கேள்வியை முதலில் ஒழுங்கான ஒரு வாக்கியமாக மாற்றிவிட்டுத் தேட வைப்பது இதற்கு ஓரளவு மருந்து.

இதே முறையைப் பழைய உரையாடல்களின் மேல் ஏவினால் என்ன ஆகும்? ஒருவர் ஜனவரியில் "முகவரி அண்ணா நகர்" என்று சொல்லியிருக்கிறார். ஜூலையில் "மதுரைக்கு மாறிட்டோம்" என்றும் சொல்லியிருக்கிறார். ஆகஸ்டில் சர்வீஸ் ஆளை அனுப்ப முகவரி தேவை. 'முகவரி' என்று தேடினால் ஜனவரிச் செய்திதான் மேலே வரும், ஏனென்றால் அதில்தான் அந்தச் சொல்லே இருக்கிறது. பொருள் நெருக்கத்தைப் பார்க்கும் தேடலுக்குத் தேதி தெரியாது. பின்னால் வந்த செய்தி முன்னால் வந்ததை ரத்து செய்துவிட்டது என்பதும் தெரியாது. ஆள் சென்னையில் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே உரையாடல் பதிவைத் தேடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: இது யாருடையது, இதில் கடைசியாகச் சொன்னது எது. முதல் கேள்விக்கான விடையைத் தரவுத்தளத்திலேயே அடைத்துவிட வேண்டும். இந்த வாடிக்கையாளரின் வரிகளைத் தவிர வேறு எதுவும் தேடலுக்கே கிடைக்கக் கூடாது. எல்லாருடைய வரிகளையும் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர் விஷயத்தைச் சொல்லாதே என்று சாட்பாட்டுக்குக் கட்டளை எழுதி வைப்பது பாதுகாப்பே ஆகாது. அந்தக் கட்டளையை அது ஆயிரம் முறை கேட்கும், ஆயிரத்தொன்றாம் முறை வேறு ஒருவரின் முகவரியைச் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குத் தேதி வரிசையும், மாறக்கூடிய விவரங்களுக்கு 'இப்போது செல்லுபடியாவது' என்ற ஒரு தனிக் கட்டமும் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொழி மாதிரி தானாக யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அது முந்தைய செய்திகளை நினைவில் வைத்திருப்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த பேச்சு முழுவதையும் மீண்டும் அதற்கு அனுப்புகிறார்கள் என்பதுதான். பேச்சு முடிந்து, அடுத்த மாதம் வந்தால் யாராவது எடுத்து வைத்துக் கொடுத்தாலொழிய அதற்கு எதுவும் தெரியாது. கொடுக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு, செலவும் உண்டு. அதனால் பழைய பேச்சை முழுதாக அனுப்பாமல், சுருக்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில்தான் பல கோளாறுகள் பிறக்கின்றன.

கிரைண்டர்காரரிடம் திரும்புவோம். மார்ச் மாதம் இரண்டு லிட்டர் டேபிள் டாப் வாங்கினார். ஜூனில் முதல் புகார். அப்போது சாட்பாட் சொன்னது: "மோட்டார் ஓடி, பாத்திரம் சுற்றாவிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மாற்றிப் பாருங்கள்." அவர் பக்கத்துக் கடையில் பெல்ட் வாங்கி மாற்றினார். இதைச் சுருக்கி எழுதும்போது, "பெல்ட் கோளாறு, சரி செய்யப்பட்டது" என்று பதிவானால் மூன்று பிழைகள் ஒரே வரியில் புகுந்துவிடுகின்றன. பெல்ட்தான் கோளாறு என்று யாரும் உறுதி செய்யவில்லை. சரியானதா என்று அவர் சொல்லவே இல்லை. மாற்றிய பெல்ட் கம்பெனி பெல்ட் அல்ல என்பதும் காணாமல் போய்விட்டது. நல்ல சுருக்கம் இப்படி இருக்கும்: "ஜூன் 12. புகார்: மோட்டார் ஓடுகிறது, பாத்திரம் சுற்றவில்லை. பெல்ட் மாற்றிப் பார்க்கச் சொன்னோம். வெளியில் வாங்கி மாற்றியதாக வாடிக்கையாளர் சொன்னார். பிறகு எப்படி இருக்கிறது என்று தெரியாது." யார் சொன்னது, எப்போது சொன்னது, எது இன்னும் முடிவாகவில்லை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மூல உரையாடலையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். சுருக்கத்தில் ஐயம் வந்தால் போய்ப் பார்க்க வேறு வழியில்லை.

இப்போது ஆகஸ்ட். "மறுபடியும் அதே பிரச்சனை" வந்து சேர்கிறது. ஒழுங்காக அமைந்த சாட்பாட் முதலில் களஞ்சியத்துக்குப் போகாது. எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்த எண்ணுக்கு உரிய பதிவை எடுக்கும். ஜூன் 12 குறிப்பைப் படித்து, மூன்று சொல் செய்தியை ஒரு முழுக் கேள்வியாக்கும்: "இரண்டு லிட்டர் டேபிள் டாப், பெல்ட் மாற்றிய பிறகும் பாத்திரம் சுற்றவில்லை, காரணம் என்ன?" இந்தக் கேள்வியோடு களஞ்சியத்தில் தேடும்போதுதான் உருப்படியான துண்டுகள் வரும். பெல்ட் சரியான அளவுதானா, மோட்டார் சுற்றுகிறதா அல்லது 'உம்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதா, நின்றுவிட்டால் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும் என்ற பக்கங்கள். அதன்பின் சாட்பாட் கேட்கும்: "ஜூன் மாதம் வெளியில் வாங்கிய பெல்ட் மாற்றியதாகச் சொல்லியிருந்தீர்கள். இப்போது மோட்டார் சுற்றுகிறதா, சத்தம் மட்டும் வருகிறதா?" மனிதர்கள் நடத்தும் ஒரு நல்ல சர்வீஸ் சென்டரில் கேட்கும் கேள்வி இதுதான். பதிவு கேள்வியைக் கொடுத்தது, களஞ்சியம் விடையைக் கொடுத்தது. வரிசையை மாற்றிப் போட்டால் இரண்டும் உதவாது.

அடுத்து பணம் வருகிறது, சிக்கலும் வருகிறது. ஜூனில் அவரிடம், வாங்கிய ஓராண்டுக்குள் வீட்டுக்கு வந்து பார்ப்பது இலவசம் என்று சாட்பாட் சொல்லியிருக்கிறது. ஜூலை முதல் தேதி கம்பெனி விதியை மாற்றி, வீட்டுக்கு வந்தால் 250 ரூபாய் என்று களஞ்சியத்தில் திருத்திவிட்டது. இப்போது எதைச் சொல்வது? புதியதுதானே சரி என்று 250 கேட்டால், மார்ச்சில் வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகும். பழைய பதிவில் இலவசம் என்று இருக்கிறதே என்று சொன்னால், அன்றைக்கு சாட்பாட் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தத் தவறையே விதியாக்குவதாகும். இரண்டில் எதைக் கேட்டாலும் விடை கிடைக்காது. ஜூலைக்கு முந்தைய விதியைக் களஞ்சியம் அழிக்காமல், 'இந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்களுக்கு' என்று குறித்து வைத்திருக்க வேண்டும். வாங்கிய தேதியை எங்கிருந்து எடுப்பது? உரையாடலிலிருந்து எடுக்கக் கூடாது. "மார்ச்ல வாங்கினேன்" என்பது வாடிக்கையாளரின் கூற்று. சான்று பில் புத்தகத்தில், அதாவது கம்பெனியின் விற்பனைக் கணக்கில் இருக்கிறது. உரையாடல் பதிவு என்ன பேசப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. பேசியது உண்மையா என்பதற்கு அது சாட்சி அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், வாடிக்கையாளர் சொன்ன தேதியையே வாரண்டி கணக்குக்கு எடுக்கும் சாட்பாட், ஐந்து வருடப் பழைய மெஷினையும் புதிதென்று ஏற்றுக்கொள்ளும்.

கம்பெனி சொன்னதும் ஒருவரிடம் சொன்னதும் வேறுவேறாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் பாட்டி இறந்த ஒரு பயணி, வான்கூவரிலிருந்து டொரன்டோ போக ஏர் கனடா இணையதளத்தில் விசாரித்தார். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர்களுக்கு அங்கே சலுகைக் கட்டணம் உண்டு. அந்தத் தளத்தின் சாட்பாட், பயணம் செய்துவிட்டாலும் பரவாயில்லை, டிக்கெட் எடுத்த 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்ற பொருளில் பதில் சொன்னது. அதே பதிலில் இருந்த இணைப்பைத் தட்டினால் திறக்கும் பக்கமோ, பயணம் முடிந்த பிறகு சலுகை கேட்க முடியாது என்றது. அவர் முழுக் கட்டணம் கட்டிப் போய் வந்து விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்வுத் தீர்ப்பாயத்தில் அவர் முறையிட்டபோது கையில் இருந்த ஆதாரம், சாட்பாட் சொன்னதை எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட். சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதிட்டது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பக்கத்தில் இருந்தாலும் சாட்பாட்டில் இருந்தாலும் தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் கம்பெனியே பொறுப்பு, ஒன்றை நம்பலாம் இன்னொன்றை நம்பக் கூடாது என்று பயணிக்கு எப்படித் தெரியும் என்ற நோக்கில் 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு, வட்டி, வழக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடிய டாலர் சொச்சம்.

தொகை சிறிது. ஆனால் அந்த வழக்கு ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. விதி என்ன என்பது ஒரு கேள்வி, இவரிடம் என்ன சொல்லப்பட்டது என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குக் கம்பெனியின் பக்கம் விடை சொல்லும். இரண்டாவதற்கு அந்த உரையாடல் மட்டுமே விடை சொல்லும். சரியான பக்கம் இருந்தது என்பது, தவறாகச் சொன்னதை இல்லை என்று ஆக்கிவிடாது.

இரண்டையும் கலப்பதில் இன்னும் மோசமான ஒரு வகை உண்டு. சில கம்பெனிகள் பழைய உரையாடல்களையே களஞ்சியத்தில் போடுகின்றன. வாடிக்கையாளர்கள் உண்மையில் எப்படிக் கேட்கிறார்கள், நம் ஆட்கள் எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம். எண்ணத்தில் நியாயம் இருக்கிறது, செய்கையில் ஆபத்து இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இருந்த ஒருவர், மழையில் மூன்று முறை அலைந்த ஒரு வயதான அம்மாவுக்காக, "சரிங்கம்மா, இந்த ஒரு தடவை சார்ஜ் வேண்டாம்" என்று எழுதியிருப்பார். அது களஞ்சியத்துக்குள் போய்விட்டால், சார்ஜ் உண்டா என்று யார் கேட்டாலும் அந்த வரி மேலே வரலாம். ஒருவருக்குக் காட்டிய இரக்கம் ஊருக்கெல்லாம் விதியாகிவிடும். சாட்பாட் எப்போதோ தவறாகச் சொன்ன பதிலும் அப்படியே உள்ளே போய், அடுத்த முறை கம்பெனியின் ஆவணம்போல வெளியே வரும். அதன் பின் பிழை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. உரையாடல்களிலிருந்து களஞ்சியத்துக்கு ஏதாவது போக வேண்டுமென்றால், பொறுப்பான ஒருவர் படித்து, பெயரும் எண்ணும் நீக்கி, பொதுவான கேள்வி பதிலாகத் திருத்தி எழுதிய பிறகே போக வேண்டும்.

இப்படிக் கலந்திருக்கிறதா என்று சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவரின் போனிலிருந்தும், கம்பெனியோடு இதுவரை பேசாத ஒரு போனிலிருந்தும் ஒரே பொதுக் கேள்வியைக் கேட்கலாம்: 'இன்று வாங்கினால் மோட்டாருக்கு வாரண்டி எத்தனை வருடம்?' பதில்கள் வேறுபட்டால் ஒருவரின் பழைய பேச்சு பொது விதிக்குள் புகுந்திருக்கலாம். பிறகு புதிய போனிலிருந்து, 'போன தடவை என்ன சொன்னீர்கள்?' என்று கேட்க வேண்டும். முன்பு பேசிய பதிவு எதுவும் இல்லை என்பதுதான் சரியான பதில். அதை விட்டு, ஏதாவது ஒரு கதையைச் சொன்னால் அது கற்பனையாக இருக்கலாம், அல்லது வேறு யாருடைய கதையாகவோ இருக்கலாம். இரண்டாவது என்றால் அன்றைக்கே அந்தச் சேவையை நிறுத்த வேண்டும்.

வேறு யாருடைய கதையோ வந்து சேர இந்தியாவில் ஒரு தனி வழியும் இருக்கிறது. இங்கே வாடிக்கையாளரை அடையாளம் காண்பது பெரும்பாலும் மொபைல் எண்ணை வைத்து. பயன்படாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படலாம். அந்தப் புதியவர் 'என் பழைய புகார் என்ன ஆச்சு?' என்று கேட்டால், முன்னவரின் வீட்டு முகவரியோடு பதில் வந்து நிற்கும். ஒரே எண்ணை வீட்டில் நாலு பேர் பயன்படுத்துவதும் உண்டு. தகவல் களஞ்சியத்துக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் உள்ளதை யார் படித்தாலும் நஷ்டமில்லை. உரையாடல் பதிவைத் திறப்பதற்கு முன் மட்டும் பில் எண், ஓடிபி என்று இன்னொரு சரிபார்ப்பு வேண்டும். நீண்ட காலம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பேசும் எண்ணுக்கு அது கட்டாயம் வேண்டும்.

அழிப்பதிலும் இரண்டுக்கும் ஒரே நடைமுறை ஒத்துவராது. களஞ்சியத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது கம்பெனியின் முடிவு. உரையாடல் பதிவில் வாடிக்கையாளருக்கும் உரிமை இருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. வேறு சட்டத்தின்படி வைத்திருந்தே ஆக வேண்டியவற்றுக்கு விலக்கு உண்டு. ஒருவர் அப்படிக் கேட்டால் கம்பெனி நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: மூல உரையாடல், அதன் சுருக்கம், அதிலிருந்து உண்டாக்கிய எண் வரிசைகள், காப்புப் பிரதிகள். பதிவு தனியாக, வாடிக்கையாளர் எண்ணோடு கட்டி வைக்கப்பட்டிருந்தால் இது சில கட்டளைகளில் முடிகிற வேலை. உரையாடல்களைக் களஞ்சியத்தில் கொட்டியிருந்தால், எந்தத் துண்டு யாருடைய பேச்சிலிருந்து வந்தது என்ற தடமே இருக்காது. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் அந்த ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.